பிட்டுகளைப் பிரிக்கத் தெரிந்தால் வகுத்தல் எதற்கு?

கேள்வி: கணினி அடிப்படை வினாக்களில் ஹெக்ஸ் எண்ணை ஆக்டலுக்கு மாற்றச் சொல்கிறார்கள். நான் முதலில் டெசிமலுக்குக் கொண்டுபோய், பிறகு 8-ஆல் வகுத்துக்கொண்டே வருகிறேன். ஒரு கேள்விக்கே மூன்று நிமிடம் ஓடிவிடுகிறது. நண்பன் "பிட்டைப் பிரித்து எழுது, அரை நிமிடத்தில் முடியும்" என்கிறான். நான் பிரித்தால் விடையே வேறாக வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:

அநேகமாக இடப்பக்கத்திலிருந்து பிரித்திருப்பீர்கள். இந்த முறையில் தடுக்கி விழுபவர்களில் பாதிப் பேர் விழுவது அந்த இடத்தில்தான். ஒரு கணக்கை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். B5E9 என்ற ஹெக்ஸ் எண்ணுக்கு ஆக்டல் என்ன? விடைகளாக இந்த நான்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

அ) 553641
ஆ) 132751
இ) 157231
ஈ) 1351611

முதலில் ஒவ்வொரு ஹெக்ஸ் இலக்கத்தையும் நான்கு பிட்டாக விரித்து எழுத வேண்டும். இதற்கு 16 வரிசை கொண்ட அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் 8 4 2 1 என்று எழுதிக்கொண்டால் போதும். B என்பது 11. அதில் 8 இருக்கிறது, 4 இல்லை, 2 இருக்கிறது, 1 இருக்கிறது. ஆக 1011. E என்பது 14, அதாவது 8, 4, 2 மூன்றும் சேர்ந்தது. ஆக 1110. இப்படி நான்கு இலக்கத்தையும் விரித்தால்:

```
B    5    E    9
1011 0101 1110 1001
```

இனி இடைவெளிகளை மறந்துவிட்டு, 16 பிட்டையும் ஒரே சங்கிலியாகப் பாருங்கள். வலது ஓரத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டிக்கொண்டே இடப்பக்கம் போங்கள்:

```
1 011 010 111 101 001
1  3   2   7   5   1
```

விடை 132751, அதாவது ஆ. இடப்பக்கம் தனியாக நின்ற ஒற்றை 1-க்கு முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்து 001 என்று வைத்துக்கொள்ளலாம், சேர்க்காமலும் விடலாம். முழு எண்ணுக்கு முன்னால் போடும் பூஜ்யத்தால் மதிப்பு மாறாது.

இதையே இடப்பக்கத்திலிருந்து வெட்டியிருந்தால் 101 101 011 110 100 1 என்று வந்து 553641 கிடைத்திருக்கும். விடைப் பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள், அது உங்களுக்காகவே காத்திருக்கிறது. வினா எழுதுகிறவர்களுக்கு நாம் எங்கெங்கே தடுமாறுவோம் என்று நன்றாகத் தெரியும்.

ஏன் வலப்பக்கத்திலிருந்து? ஒரு தொகைக்குக் காற்புள்ளி போடும்போது என்ன செய்கிறீர்கள்? 1234567 என்பதை 12,34,567 என்று எழுதக் கடைசியிலிருந்துதான் எண்ணிக்கொண்டு வருகிறீர்கள். ஒன்று, பத்து, நூறு என்ற இட மதிப்பு அந்த ஓரத்தில்தான் தொடங்குகிறது. பைனரியிலும் அப்படியே. வலது ஓரத்திலிருந்து 1, 2, 4, பிறகு 8, 16, 32, பிறகு 64, 128, 256 என்று இட மதிப்பு ஏறுகிறது. இரண்டாவது மூன்று இடங்களைக் கவனியுங்கள். 8, 16, 32 என்பது 1, 2, 4-ஐ எட்டால் பெருக்கியதுதான். அடுத்த மூன்றும் அதே 1, 2, 4-ஐ 64-ஆல் பெருக்கியது. ஆக்டலின் இட மதிப்புகளும் 1, 8, 64 என்றுதான் போகின்றன. ஆகவே ஒவ்வொரு மூன்று பிட்டுக்கும் உள்ளே 0 முதல் 7 வரை ஒரு எண் இருக்கிறது, அது சரியாக ஒரு ஆக்டல் இலக்கத்தின் இடத்தில் போய் உட்கார்கிறது. ஹெக்ஸுக்கும் இதே கதைதான், மூன்றுக்குப் பதில் நான்கு. 8 என்பது 2-இன் மூன்றாம் அடுக்கு, 16 என்பது நான்காம் அடுக்கு என்பதால் வரும் வசதி இது.

உங்கள் வகுத்தல் முறையும் உண்மையில் வேறொன்றைச் செய்யவில்லை. B5E9-இன் டெசிமல் மதிப்பு 46569. அதை 8-ஆல் வகுத்தால் ஈவு 5821, மீதி 1. அந்த மீதி 1 எங்கிருந்து வந்தது? கடைசி மூன்று பிட்டான 001-இலிருந்து. ஈவான 5821 என்பது அந்த மூன்று பிட்டைக் கத்தரித்த பிறகு எஞ்சிய சங்கிலி. அடுத்த வகுத்தலில் மீதி 5, அதாவது 101. பிறகு 7, 2, 3, 1. ஒவ்வொரு வகுத்தலும் வலது ஓரத்தில் மூன்று பிட்டைக் கிள்ளி எடுக்கும் வேலை. எண்ணை பைனரியில் எழுதிவிட்டால் அந்த வேலை முடிந்தே கிடக்கிறது. நீங்களோ ஹெக்ஸிலேயே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பிட்டுகளை டெசிமலாகக் கலைத்துவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று நிமிடம் ஆவதில் வியப்பில்லை.

வகுக்கும் முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மீதிகள் 1, 5, 7, 2, 3, 1 என்ற வரிசையில் கிடைக்கின்றன, விடையைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அவசரத்தில் மேலிருந்து எழுதினால் 157231. அதுதான் இ. கல்லூரி முதலாண்டுத் தேர்வில் நானே இப்படித் தலைகீழாக எழுதி, கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் மதிப்பெண்ணை விட்டவன். பிட்டைப் பிரித்தால் விடை எழுதும் திசையிலேயே வருவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

ஈ எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். B என்றால் ஆக்டலில் 13, 5 என்றால் 5, E என்றால் 16, 9 என்றால் 11. நான்கையும் ஒட்டினால் 1351611. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியே மாற்றி ஒட்டுவது ஹெக்ஸிலிருந்து பைனரிக்குப் போகும்போது செல்லும், ஏனென்றால் ஒரு ஹெக்ஸ் இலக்கம் மிகச் சரியாக நான்கு பிட். ஹெக்ஸிலிருந்து ஆக்டலுக்கு நேராக அப்படித் தாவ முடியாது. நான்கு பிட்டின் எல்லையும் மூன்று பிட்டின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 12 பிட்டுக்கு ஒரு முறைதான் இரண்டு எல்லையும் சந்திக்கின்றன, மூன்று ஹெக்ஸ் இலக்கமும் நான்கு ஆக்டல் இலக்கமும் அங்கே ஒத்துப்போகும். அதனால்தான் நடுவில் பைனரி என்ற படி தேவைப்படுகிறது.

கொள்குறி வினா என்றால் முழு விடையையும் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மேலே உள்ள கணக்கில் 16 பிட். மூன்றால் பிரித்தால் ஐந்து குழுவும் ஒரு உதிரி பிட்டும். ஆகவே ஆக்டல் விடையில் ஆறு இலக்கம்தான் இருக்க முடியும், முதல் இலக்கம் அந்த உதிரி 1-ஆகத்தான் இருக்க முடியும். ஏழு இலக்கம் உள்ள ஈ-யும், 5-இல் தொடங்கும் அ-வும் உடனே வெளியே. மீதி இரண்டும் 1-இல் முடிகின்றன, எனவே கடைசி இலக்கத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு முந்தைய குழுவைப் பாருங்கள். 9-இன் முதல் பிட் 1, E-இன் கடைசி இரண்டு பிட் 10. சேர்த்தால் 101, அதாவது 5. விடை 51 என்று முடிய வேண்டும். இ-யின் முடிவு 31. வேலை முடிந்தது, நடு இலக்கங்களைத் தொடவே இல்லை. ஆக்டல் விடை என்று சொல்லிவிட்டு 8 அல்லது 9 உள்ள எண்ணைத் தந்திருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

திசை சரியாக இருந்தும் விடை தப்பினால், பெரும்பாலும் விரிக்கும்போது பூஜ்யத்தை விழுங்கியிருப்பீர்கள். ஆக்டல் 503-ஐ ஹெக்ஸுக்கு மாற்றுங்கள். 5 என்றால் 101. 0 என்றால் 000. 3 என்றால் 011. சேர்த்தால்:

```
101 000 011  ->  1 0100 0011  ->  143
```

இதில் 0-வை ஒற்றைப் பூஜ்யமாகவும் 3-ஐ வெறும் 11 ஆகவும் எழுதிவிட்டால் சங்கிலி 101011 என்று சுருங்கி, 2B என்ற விடை வரும். சரியான விடையின் டெசிமல் மதிப்பு 323, 2B-யின் மதிப்பு வெறும் 43. எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதல் இலக்கத்துக்கு முன்னால் உள்ள பூஜ்யத்தைத்தான் விடலாம். நடுவிலும் கடைசியிலும் உள்ளவை இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. விரித்த பிறகு பிட்டுகளை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆக்டல் இலக்கத்துக்கு ஒன்பது பிட் இருக்க வேண்டும், நான்கு ஹெக்ஸ் இலக்கத்துக்கு 16. குறைந்தால் எங்கோ விழுங்கிவிட்டீர்கள்.

இப்போது புள்ளி வைத்த எண்கள். 1101101.10111 என்ற பைனரி எண்ணை ஹெக்ஸுக்கு மாற்ற வேண்டும். "வலப்பக்கத்திலிருந்து பிரி" என்ற விதியை அப்படியே பிடித்துக்கொண்டு கடைசி பிட்டிலிருந்து தொடங்கினால் கவிழ்ந்துவிடும். இட மதிப்பு தொடங்கும் இடம் புள்ளிதான். முழு எண்ணில் அந்தப் புள்ளி வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நின்றது, அதனால் வலப்பக்கம் என்றோம். இங்கே அது நடுவில் நிற்கிறது. ஆகவே புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் விலகிப் போக வேண்டும்:

```
0110 1101 . 1011 1000
 6    D   .  B    8
```

இடப்பக்கக் குறைக்கு இடது ஓரத்திலும், வலப்பக்கக் குறைக்கு வலது ஓரத்திலும் பூஜ்யம் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். விடை 6D.B8. புள்ளிக்குப் பின்னால் கடைசியாக உதிரியாக நின்ற 1-ஐப் பழக்க தோஷத்தில் 0001 என்று எழுதினால் 6D.B1 என்றாகிவிடும், அது தப்பு. அந்த 1 நின்ற இடத்தின் மதிப்பு 1/32. 1000 என்று எழுதினால் 8/256, அதாவது அதே 1/32. 0001 என்று எழுதினால் 1/256 ஆகச் சுருங்குகிறது. ரூபாய்க் கணக்கில் 5.5 என்பதை 5.50 என்று எழுதலாம், 5.05 என்று எழுதினால் 45 காசு போய்விடும் அல்லவா, அதே தவறுதான் இது. இந்த எண்ணையே ஆக்டலுக்கு மாற்றினால் 001 101 101 . 101 110 என்று பிரிந்து 155.56 கிடைக்கும். கடைசிக் குழுவில் இருந்த 11-ஐ 110 ஆக்கியிருக்கிறேன், 011 ஆக அல்ல. விடைப் பட்டியலில் 155.53 கட்டாயம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை எங்கே நின்றுவிடுகிறது? டெசிமலில். 10 என்பது 2-இன் எந்த அடுக்கும் இல்லை. எனவே எத்தனை பிட்டாகப் பிரித்தாலும் டெசிமல் இலக்கம் ஒன்று அதற்குள் கச்சிதமாக அடங்காது. சிலர் 97-ஐ பைனரிக்கு மாற்றச் சொன்னால் 9-க்கு 1001, 7-க்கு 0111 என்று ஒட்டி 10010111 என்று எழுதிவிடுகிறார்கள். அது பிசிடி எனப்படும் வேறொரு குறிமுறை. அதை பைனரியாக வாசித்தால் 151 வரும். 97-இன் உண்மையான பைனரி 1100001.

டெசிமல் வந்துவிட்டால் வகுத்தே ஆக வேண்டும், ஆனால் 2-ஆல் வகுக்கத் தேவையில்லை. 46569-ஐ பைனரிக்கு மாற்றச் சொன்னால், 2-ஆல் வகுப்பவர் 16 முறை வகுப்பார். 16-ஆல் வகுத்தால் நான்கே முறை. முதலில் மீதி 9, ஈவு 2910. அடுத்து மீதி 14, ஈவு 181. அடுத்து மீதி 5, ஈவு 11. கடைசியில் அந்த 11. கீழிருந்து படித்தால் 11, 5, 14, 9, அதாவது B5E9. அதை விரித்தால் பைனரி தயார், வேண்டுமானால் மூன்று மூன்றாக வெட்டினால் ஆக்டலும் தயார். 16-ஆல் வகுக்கக் கை நடுங்கினால் 8-ஆல் வகுங்கள், ஆறு படி ஆகும், அவ்வளவுதான். எண் டெசிமலிலிருந்து ஒரு முறை வெளியே வந்துவிட்டால், அதன்பிறகு வகுத்தல் என்ற பேச்சே இல்லை.

ஆக்டல், ஹெக்ஸ் இரண்டும் ஏன் வழக்கில் இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. 1965-இல் வந்த பிடிபி-8 கணினியில் ஒரு சொல்லுக்கு 12 பிட். அதை நான்கு ஆக்டல் இலக்கத்தில் உதிரி இல்லாமல் எழுத முடிந்தது. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை 8 பிட் பைட்டை எடுத்துக்கொண்டது. எட்டை மூன்று மூன்றாகப் பிரித்தால் மிச்சம் விழுகிறது, நான்கு நான்காகப் பிரித்தால் சரியாக இரண்டு ஹெக்ஸ் இலக்கம். இதன் தொந்தரவை நம் கணக்கிலேயே பார்க்கலாம். B5 என்ற பைட் ஆக்டலில் 265, E9 என்ற பைட் 351. ஆனால் இரண்டும் சேர்ந்த B5E9 ஆக்டலில் 265351 அல்ல, 132751. ஹெக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், ஆக்டலில் வெட்டும் கோடே இடம் மாறிவிடுகிறது. பைட்டை அடிப்படையாகக் கொண்ட கணினிகளில் நினைவக முகவரியும் நிறக் குறியீடும் ஹெக்ஸில் எழுதப்படுவதற்கு இந்த வசதிதான் காரணம். ஆக்டல் இன்றும் இயல்பாக நிற்கும் இடம் யூனிக்ஸ் கோப்பு அனுமதி. அங்கே படிக்க, எழுத, இயக்க என்று மூன்று மூன்று பிட்டாகவே அமைப்பு இருக்கிறது. `chmod 755` என்றால் 111 101 101. உரிமையாளருக்கு மூன்றும் உண்டு, குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் உரிமை மட்டும் இல்லை. இதிலிருந்தும் வினா கேட்பார்கள்.

சி மொழிப் பகுதி உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அது ஆக்டல். `printf("%d", 010);` என்பது 8-ஐ அச்சிடும், 10-ஐ அல்ல.

வீட்டில் பயிற்சி செய்யும்போது விடையைச் சரிபார்க்கப் பைத்தான் இருந்தால் போதும்:

```
>>> oct(0xB5E9)
'0o132751'
>>> hex(0o503)
'0x143'
>>> bin(0x6D)
'0b1101101'
```

கடைசி வரியில் `0b` என்பது இது பைனரி என்று சொல்லும் அடையாளம், அதை எண்ணோடு சேர்க்காதீர்கள். அதற்குப் பின்னால் ஏழு பிட்தான் இருக்கிறது, எட்டு இல்லை. முன்னால் உள்ள பூஜ்யத்தைப் பைத்தான் காட்டாது. அதை அப்படியே தாளில் எழுதி இடப்பக்கத்திலிருந்து 1101 101 என்று வெட்டினால் D5 வரும். வலப்பக்கத்திலிருந்து வெட்டினால்தான் நீங்கள் கொடுத்த 6D திரும்பக் கிடைக்கும்.